லூப்பேக் கேபிளும் லேட்டன்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. ரெக்கார்டிங் அங்கேதான். உருமி மேளக் குழு, கோயில் பஜனைக் குழு, கீபோர்டு வாசிக்கும் தோட்டத்துப் பையன்கள் என்று யார் வந்தாலும் கடைசியில் சத்தம் தாமதமாகக் கேட்கிறது என்ற லேட்டன்சிப் பேச்சு வந்துவிடும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் விண்டோஸ் லேப்டாப்பும் யுஎஸ்பி இண்டர்ஃபேஸும் வைத்திருப்பவர்களுக்கு.

அண்ணே, லேட்டன்சின்னா என்ன? அதுல ரவுண்டு டிரிப்னு வேற சொல்றாங்களே?

இண்டர்ஃபேஸில் நுழைந்த சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய், மென்பொருளைத் தொட்டுவிட்டு, ஹெட்போனுக்குத் திரும்ப எடுக்கும் மொத்த நேரம்தான் ரவுண்டு டிரிப் லேட்டன்சி. போகிற வழி, வருகிற வழி இரண்டும் இதில் சேர்த்தி. கிட்டாரை ஆம்ப் பிளகின் வழியாக வாசிப்பவருக்கு விரலில் தட்டுவது இந்த மொத்த நேரம்தான்.

அளவு மனதில் நிற்க ஒரு கணக்கு சொல்கிறேன். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். கோயில் திடலில் தவில்காரர் உங்களிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 9 மில்லிவினாடி தாமதம். அதில் யாரும் தாளம் தப்புவதில்லை. ஆகவே பூஜ்யத்தைத் தேடி அலைய வேண்டாம். என் அனுபவத்தில் பத்துக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் குறை சொல்வதில்லை.

பஃபர் 128 வச்சிருக்கேன், 48000ல ஓடுது. வகுத்தா 2.7 மில்லிவினாடிதானே?

வகுத்தது சரி. சத்தத்தை வினாடிக்கு 48000 துண்டாக, அதாவது சாம்பிளாக, வெட்டி, 128 சாம்பிள் சேர்ந்ததும் ஒரு கட்டாகக் கொடுப்பதுதான் பஃபர். ஆனால் அந்த 2.7 ஒரு பக்கத்துக்கு, ஒரு பஃபருக்கு மட்டும்.

```
128 / 48000 = 0.00267 s = 2.67 ms
```

உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என்று வைத்தாலே 5.33 ஆகிவிட்டது. அதற்கு மேல் டிரைவர் தன் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் சாம்பிள்களைக் கையிருப்பாக வைத்திருக்கும். யுஎஸ்பி வழியே போய்வர நேரம் ஆகும். சத்தத்தை எண்ணாக்கி, மறுபடி சத்தமாக்கும் சிப்புகளில் உள்ள ஃபில்டர்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இவை எதுவும் பஃபர் எண்ணில் தெரியாது.

ரீப்பர்ல மேல் மூலையிலயே ~3.9/4.7msன்னு காட்டுதே, அது போதாதா?

நாம் ரெக்கார்ட் செய்யும் மென்பொருளான ரீப்பர் அந்த எண்ணை அளக்கவில்லை. டிரைவரைக் கேட்டது, டிரைவர் சொன்னது, ரீப்பர் எழுதிவைத்தது, அவ்வளவுதான். சில டிரைவர்கள் மேலே சொன்ன மறைந்த பகுதிகளையும் கூட்டிச் சரியாகச் சொல்லும். சில டிரைவர்கள் பாதியை விட்டுவிடும். எது எந்த ரகம் என்று அளந்தால்தான் தெரியும்.

லூப்பேக் கேபிள்னு தனியா வாங்கணுமா? ஈப்போவுக்குத்தான் போகணுமா?

வேண்டாம். இரண்டு முனையிலும் பெரிய ஜாக் உள்ள சாதாரண கேபிள் போதும். ஜாக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் நல்லது. ஒற்றை வளையம் உள்ள கிட்டார் கேபிளும் இந்த வேலைக்கு ஓடும். இண்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து அதே இண்டர்ஃபேஸின் லைன் இன்னுக்குப் போடுங்கள். நான்கு அவுட்புட் இருந்தால் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுதான் என்றால் ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு 1-ஐ எடுங்கள்.

செருகும் முன் மூன்றைப் பாருங்கள். 48 வோல்ட் பட்டன் அணைந்திருக்க வேண்டும். கிட்டாருக்கான பட்டனை எடுத்துவிட்டு லைனில் வைக்க வேண்டும். டைரக்ட் மானிட்டரையும் அணைக்க வேண்டும். கடைசியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது திறந்திருந்தால் உள்ளே வந்த சத்தம் இண்டர்ஃபேஸுக்குள்ளேயே திரும்பி வெளியே போகும், கேபிள் வழியாக மறுபடி உள்ளே வரும், சுற்றிச் சுற்றி ஊளையிட ஆரம்பித்துவிடும். முதல் தடவை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு செய்தேன். நீங்கள் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

டிரைவர் பேனல்லயே லூப்பேக்னு ஒரு சேனல் இருக்கே, அப்புறம் கேபிள் எதுக்கு?

பெயர்தான் ஒன்று. கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டை உள்ளுக்குள்ளேயே மடக்கி ரெக்கார்ட் செய்வதற்கான சேனல் அது. அதில் சத்தம் வெளியே வருவதே இல்லை, சிப்புகளைக் கடப்பதும் இல்லை. உண்மையைவிடக் குறைவான எண்தான் கிடைக்கும்.

சரி, கேபிள் போட்டாச்சு. எப்படி அளக்கறது?

சுலபமான வழி, RTL Utility என்ற சின்னக் கருவி. டிரைவரையும், கேபிள் போட்ட அவுட்புட், இன்புட் எண்களையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் அளந்து சொல்லிவிடும். ஆனால் ஒரு தடவையாவது கையால் அளந்து பாருங்கள். என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

ரீப்பரில் Preferences, Audio, Recording என்று போய் `Use audio driver reported latency` டிக்கை எடுத்துவிடுங்கள். கீழே உள்ள offset பெட்டிகளில் 0 இருக்கட்டும். டிக் இருந்தால் ரீப்பர் தானே ரெக்கார்டிங்கை முன்னுக்குத் தள்ளி தாமதத்தை மறைத்துவிடும். முதல் டிராக்கில் ஒரே சாம்பிள் நீளமுள்ள கிளிக்கை மிகச் சரியாக 1 வினாடி கோட்டில் வைத்து, கேபிள் போட்ட அவுட்புட்டுக்கு அனுப்புங்கள். இரண்டாம் டிராக்கில் கேபிள் வந்து சேரும் இன்புட்டை வைத்து, மானிட்டரை அணைத்து, ரெக்கார்ட் செய்யுங்கள். பிறகு ரூலரைச் சாம்பிளுக்கு மாற்றி, நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் திரும்பி வந்த கிளிக் தெரியும். ஃபில்டரால் முன்னும் பின்னும் சின்னச் சின்ன அலைகள் ஒட்டியிருக்கும், குழம்ப வேண்டாம். ஆக உயரமான உச்சி எந்தச் சாம்பிளில் இருக்கிறது என்று பாருங்கள்.

செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் இண்டர்ஃபேஸைக் கொண்டுவந்திருந்தார். 48000 ரேட், பஃபர் 128. கிளிக்கை 48000-ஆவது சாம்பிளில் வைத்தோம். திரும்பி வந்தது 48471-இல். ஆக 471 சாம்பிள், 9.81 மில்லிவினாடி. ரீப்பர் மூலையில் காட்டிய 3.9, 4.7 இரண்டையும் டிரைவர் சொன்ன சாம்பிள் கணக்கில் கூட்டினால் 412. மீதி 59 சாம்பிளை டிரைவர் சொல்லவே இல்லை.

ஒரு தடவை அளந்தா போதுமா?

போதாது. முதலில், அதே செட்டிங்கில் டிரைவரை மூடித் திறந்து மூன்று தடவை அளங்கள். சில யுஎஸ்பி இண்டர்ஃபேஸ்களில் ஒவ்வொரு தடவையும் சில சாம்பிள்கள் முன்பின் ஆகும். அது கோளாறு இல்லை. நூற்றுக்கணக்கில் ஆடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, பஃபரை மாற்றி அளங்கள். இதுதான் முக்கியம். தம்பியின் இண்டர்ஃபேஸில் 256-க்கு 727 வந்தது, 128-க்கு 471, 64-க்கு 343. பஃபரில் 128 குறைத்தபோது அளவில் 256 குறைந்தது. 64 குறைத்தபோது 128 குறைந்தது. அதாவது இந்த டிரைவர் மொத்தம் இரண்டு பஃபர்தான் வைத்துக்கொள்கிறது. 471-இலிருந்து இரண்டு பஃபரை, 256-ஐக் கழித்தால் மீதி 215 சாம்பிள். 343-இலிருந்து 128-ஐக் கழித்தாலும் அதே 215. ஏறக்குறைய 4.5 மில்லிவினாடி. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இந்த 4.5 அசையாது. அது இண்டர்ஃபேஸின் கூலி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அப்ப 32 வச்சா இன்னும் குறையும்தானே, ஏன் அண்ணே வேணாங்கறீங்க?

குறையும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 215-உடன் இரண்டு 32 சேர்த்தால் 279, அதாவது 5.8 மில்லிவினாடி. 64-இல் 7.1 இருந்தது. லாபம் 1.3 மில்லிவினாடி. காற்றுக் கணக்கில் அரை மீட்டர்கூட இல்லை.

அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரிது. 32 சாம்பிள் என்றால் 0.67 மில்லிவினாடிக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் எல்லா பிளகினையும் கணக்குப் போட்டு முடித்துத் தர வேண்டும். அந்த நேரத்தில் வைஃபை டிரைவர் குறுக்கே வந்து சற்று இழுத்துவிட்டால் பஃபர் காலி, காதில் சடசட. 256-இலிருந்து 128-க்கு வருவது 5.3 மில்லிவினாடி லாபம், அது விரலுக்குத் தெரியும். 64-இலிருந்து 32-க்குப் போவது வீம்பு.

சடசடன்னு வருது. பஃபரால வருதா, கேபிளாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அதே லூப்பேக் கேபிளே சொல்லும். ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். 1 வினாடியில் ஒரு கிளிக், அதற்குப் பிறகு 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை, 601-ஆவது வினாடியில் இன்னொரு கிளிக். சைன் அலையை -12 டெசிபெல்லில் வையுங்கள். இதை வெளியே அனுப்பி, திரும்புவதை ரெக்கார்ட் செய்யுங்கள். அந்தப் பத்து நிமிடமும் வழக்கமாக வேலை செய்கிற பிராஜெக்ட்டும் பிளகின்களோடு கூடவே ஓடட்டும். சும்மா இருக்கிற லேப்டாப்பில் எந்த பஃபரும் நன்றாகத்தான் இருக்கும்.

முடிந்ததும் ரெக்கார்டிங்கில் இரண்டு கிளிக்குக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் 600 வினாடிக்கு மிகச் சரியாக 28,800,000 சாம்பிள் இருக்க வேண்டும். 28,799,936 வந்தால் 64 சாம்பிள் காணாமல் போயிருக்கிறது. பஃபரும் 64 என்றால் ஒரு பஃபர் முழுதாக விழுந்துவிட்டது, கேபிள் மேல் பழி போடாதீர்கள்.

தூரம் சரியாக இருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. சில டிரைவர்கள் விழுந்த இடத்தை வெறுமையால் நிரப்பிவிடும், நீளம் மாறாது. அதனால் ஆடாசிட்டியில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாகப் பாருங்கள். சைன் அலை ஒரு நேர்க்கோடாக ஓடும். அறுந்த ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழே செங்குத்தாக ஒரு கீற்று நிற்கும். கேபிளோ ஜாக்கோ தளர்வாக இருந்தால் கீற்றுகள் நீங்கள் கேபிளைத் தொட்டு ஆட்டும் நேரத்தில் வரும், பஃபரைக் கூட்டினாலும் போகாது. பஃபரைக் கூட்டியதும் போய்விட்டால் அது பஃபர்தான். கோடு முழுக்க ஒரே மாதிரி உறுமல் இருந்தால் இரண்டும் இல்லை, மின்சார இரைச்சல். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

பஃபரைக் கூட்டாம சடசடப்பை நிறுத்த முடியாதா?

பல தடவை முடியும். ஒன்றை மாற்றி, மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையை ஓட்டி, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

முதலில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். எனக்கு வருகிற லேப்டாப்புகளில் பாதி இதிலேயே சரியாகிவிடும். அடுத்தது மின்சாரத் திட்டம். லேப்டாப் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசரைத் தூங்கவைத்து எழுப்பிக்கொண்டே இருக்கும், எழும் நேரத்தில் பஃபர் காலியாகிவிடும். கட்டளைப் பெட்டியில் இதைக் கொடுத்தால் உயர்வேகத் திட்டத்துக்கு மாறும்:

```
powercfg /setactive SCHEME_MIN
```

சில புது லேப்டாப்புகளில் அந்தத் திட்டமே இருக்காது. அங்கே Settings-இல் Power mode-ஐ Best performance-இல் வையுங்கள். இண்டர்ஃபேஸை ஹப் வழியாகப் போடாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் LatencyMon கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் ஃபைல் அதிக நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு காட்டும். `ndis.sys` மேலே நின்றால் நெட்வொர்க் பக்கம், `nvlddmkm.sys` நின்றால் கிராஃபிக் கார்டு பக்கம் தேடுங்கள்.

டிரைவர்ல Safe Modeனு ஒரு டிக் இருக்கு. எடுத்துட்டா வேகமாகும்னு கூட்டாளி சொன்னான்.

கூட்டாளி சொன்னது பாதி சரி. பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும், வேலையும் கொஞ்சம் மாறும். அதனால் டிக்கோடும் டிக் இல்லாமலும் அளந்து பாருங்கள். ஆலைத் தம்பியின் இண்டர்ஃபேஸில் 128-இல் டிக் போட்டதும் 471 போய் 599 ஆனது. கூடியது சரியாக ஒரு பஃபர். அதாவது இரண்டு பஃபர் வைத்திருந்த டிரைவர் மூன்றாக வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். அவருடைய லேப்டாப்பில் டிக் இல்லாமல் 64 வைத்தபோது பத்து நிமிடத்தில் ஏழு கீற்று. டிக் இல்லாமல் 128 சுத்தம், 9.8 மில்லிவினாடி. சரி, 64 வைத்து டிக்கும் போட்டால்? 215-உடன் மூன்று 64, அதாவது 407 சாம்பிள், 8.5 மில்லிவினாடி. ஓட்டிப் பார்த்தோம், கீற்று ஒன்றுகூட இல்லை. டிக்கை எடுத்த 128-ஐவிட டிக் போட்ட 64 வேகம். அதிலேயே விட்டுவிட்டார்.

இது எல்லாருக்கும் பலிக்காது. டிக் கொடுக்கிற மூன்றாவது பஃபர், எப்போதாவது குறுக்கே வரும் டிரைவரின் இழுப்பைத் தாங்கும். பிளகின்களே அதிகமாகி பிராசசர் எந்நேரமும் மூச்சுத் திணறினால் மூன்று பஃபர் இருந்தும் பயனில்லை. அப்போது 128-க்குத்தான் ஏற வேண்டும்.

96000க்கு மாத்தினா லேட்டன்சி பாதியாயிடும்னு சொல்றாங்களே?

பஃபர் பகுதி மட்டும் பாதியாகும். 4.5 மில்லிவினாடி கூலியில் ஒரு பகுதி சாம்பிளைப் பொறுத்தது, ஒரு பகுதி யுஎஸ்பியின் நேரத்தைப் பொறுத்தது. பின்னது ரேட்டை மாற்றினாலும் குறையாது. பிளகின்களின் வேலையோ இரண்டு மடங்காகும். 96000-இல் 128 வைத்தால் கெடு நேரம் 48000-இல் 64 வைத்ததற்குச் சமம், வேலை மட்டும் இரட்டிப்பு. 48000-இலேயே 64 வைத்துவிடுங்கள்.

அளந்தா 8தான் வருது, ஆனா கீபோர்டு தட்டினா லேட்டாதான் கேக்குது.

இரண்டு காரணம் இருக்கலாம். மாஸ்டர் டிராக்கில் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ இருக்கிறதா என்று பாருங்கள். வரப்போகிற சத்தத்தை முன்கூட்டியே பார்க்க அவை எல்லாவற்றையும் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். லூப்பேக் அளவில் அது சேராது. ரெக்கார்டிங் முடியும்வரை அவற்றை அணைத்து வையுங்கள், பைபாஸ் மட்டும் செய்தால் சிலவற்றில் தாமதம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, மிடி கீபோர்டுக்கு லூப்பேக் அளவு பொருந்தவே பொருந்தாது. அங்கே சத்தம் உள்ளே வருவதில்லை, செய்திதான் வருகிறது. அதை அளக்க வேறு வித்தை. கீபோர்டு கட்டையருகே ஒரு மைக்கை வைத்து இன்புட் 1-இல் கொடுங்கள். லூப்பேக் கேபிள் இன்புட் 2-இல் இருக்கட்டும். கட்டையை நகத்தால் 'டக்' என்று தட்டுங்கள். முதல் டிராக்கில் மரத்தட்டு, இரண்டாவதில் அந்த ஸ்வரம் விழும். இரண்டும் ஒரே வழியாக உள்ளே வருவதால் உள்வழித் தாமதம் அடிபட்டுப்போகும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் விரலுக்குத் தெரிகிற தாமதம். வயலின் மாதிரி மெல்ல எழும் சத்தத்தில் அளக்காதீர்கள், அது எழுவதே லேட்.

அந்த 59 சாம்பிளை டிரைவர் சொல்லலைன்னீங்களே, அதை அப்படியே விட்டுடலாமா?

பாட்டுக்கு மேல் இன்னொரு குரல் சேர்ப்பவருக்கு 1.2 மில்லிவினாடி ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு சத்தத்தை வெளியே உள்ள கம்ப்ரஸருக்கு அனுப்பி, திரும்ப வாங்கி, மூலத்தோடு கலக்கும்போது அந்த 59 சாம்பிள் உருமியின் உடம்பைத் தின்று டப்பா போல் ஆக்கிவிடும்.

திருத்த, `Use audio driver reported latency` டிக்கை மறுபடி போட்டு, Input manual offset பெட்டியில் 59 சாம்பிள் என்று கொடுங்கள். பிறகு கிளிக் சோதனையை இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டு உச்சியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சரி. இடைவெளி 118 ஆகியிருந்தால் மைனஸ் போட்டுக் கொடுங்கள். பஃபரையோ ரேட்டையோ மாற்றும்போதெல்லாம் ஒரு கிளிக் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பாட மட்டும்தான் போறேன். எனக்கு இதெல்லாம் வேணுமா அண்ணே?

வேண்டாம் தங்கச்சி. டைரக்ட் மானிட்டரைத் திறந்துவிட்டு, ரீப்பர் மானிட்டரை அணைத்துவிட்டு, பஃபரை 512-இல் வைத்துப் பாடுங்கள். உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடும். எதிரொலி மட்டும் வேண்டுமென்றால் அதை மென்பொருளிலிருந்து கொடுக்கலாம், எதிரொலி சற்றுப் பிந்தி வந்தால் யாருக்குத் தெரியும்?

காலையில நல்லா ஓடுச்சு. அதே செட்டிங்தான், மத்தியானம் சடசடங்குது. ஏன்?

சூடு. என் தகரக் கூரை அறையில் பகல் இரண்டு மணிக்கு ஃபேன் காற்றே சூடாக இருக்கும். லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசரின் வேகத்தைக் குறைக்கும். காலையில் 64-இல் நேரத்துக்கு முடிந்த வேலை மத்தியானம் முடியாது. Task Manager-இல் Performance பக்கத்தில் காட்டும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் காலையில் ஒரு தடவை, சடசடக்கும்போது ஒரு தடவை எழுதிவைத்துப் பாருங்கள். வேலை அதே அளவில் ஓடும்போது எண் தெளிவாக விழுந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

லேப்டாப்பின் அடியில் இரண்டு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். பத்து நிமிடச் சோதனையை மத்தியானத்திலேயே ஓட்டுங்கள். அதில் தேறும் பஃபர் காலையில் தானாகத் தேறும். எனக்கு மழை பிடிக்காது, தகரத்தில் விழும் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஆனால் மழை நாளில்தான் என் பழைய லேப்டாப் 64-இல் நாள் முழுக்க ஓடுகிறது.